செத்த நண்டு, திறக்காத சிப்பி: எதைச் சமைக்கலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்?

சேலத்துக்கு வரும் நண்டும் சிப்பியும் எந்தக் கடற்கரையில் பிடிபட்டாலும் ராத்திரி முழுக்க வண்டியில் வந்துதான் காலையில் சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் இறங்குகின்றன. அதனால் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வராத ஒரு சந்தேகம் நமக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறது. கூடையில் கிடக்கிற நண்டு ஆடாமல் அசையாமல் இருக்கிறதே, வாங்கலாமா? கல்லுமக்காய் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறதே, செத்துவிட்டதா? வேகவைத்த பிறகு நாலைந்து திறக்கவே இல்லையே, அவை கெட்டவையா?

"செத்த நண்டைச் சமைக்காதே, திறக்காத சிப்பியைத் தின்னாதே" என்று இரண்டு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். முதல் வரி பாதி நண்டுகளுக்குத்தான் பொருந்தும். இரண்டாவது வரி பார்க்க வேண்டிய நேரத்தையே தவறாகச் சொல்கிறது: சிப்பியைச் சோதிக்க வேண்டியது அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால். போன மாதம் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கு மூன்று சேற்று நண்டும் ஒரு கிலோ கல்லுமக்காயும் எடுத்துக்கொண்டு போனேன். வழியில் நான் செய்த தவறு, அங்கே போய்ப் பார்த்தது, கடைசியில் குப்பைக்குப் போனது என்று அந்த ஒரு நாளை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதலில், அது என்ன நண்டு என்று பாருங்கள்

நம் மார்க்கெட்டில் கடல் நண்டு பெரும்பாலும் இரண்டு வகையாக வரும். ஒன்று நீலக்கால் நண்டு. உடம்பு தட்டையாக, இரண்டு பக்கமும் கூர்முனையோடு, கால்கள் நீலமாக இருக்கும், கடைசிக் கால் துடுப்பு மாதிரி. முதுகில் மூன்று கண் வரைந்தது போல இருக்கிற நண்டும் இதன் உறவுதான். இன்னொன்று சேற்று நண்டு. கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் வாழ்வது, கனத்த உடம்பு, பெரிய கொடுக்கு, கரும்பச்சை நிறம். கடைக்காரர்கள் பச்சை நண்டு, கல் நண்டு என்றெல்லாம் சொல்வார்கள். கொடுக்கைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தால் அது அனேகமாக இதுதான்.

நீலக்கால் நண்டு தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அதிக நேரம் தாங்காது. வலையில் இருந்து எடுத்த சில மணி நேரத்தில் செத்துவிடும். படகிலேயே ஐஸில் போட்டுத்தான் கரைக்குக் கொண்டு வருவார்கள். ஆகவே சேலத்தில் உயிரோடு இருக்கிற நீலக்கால் நண்டைத் தேடுவது வீண் வேலை. அது செத்துத்தான் வரும், வருவதில் தப்பு ஒன்றும் இல்லை. செத்ததில் இருந்து உங்கள் கைக்கு வரும் வரை ஐஸ் விடாமல் இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி.

சேற்று நண்டு கதையே வேறு. செவுள் ஈரமாக இருக்கும் வரை அது காற்றிலேயே மூச்சு விடும். நிழலில், ஈரச்சாக்குப் போட்டு வைத்தால் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் அதை ஐஸ் இல்லாமல், கூடையில் கட்டியே அனுப்புகிறார்கள். இதில் இருந்து ஒன்று தெரிகிறது. கூடையில் ஒரு சேற்று நண்டு செத்துக் கிடந்தால் அது ஐஸ் இல்லாமல், சேலத்து வெயிலில், எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது. அதை வாங்காதீர்கள், பாதி விலைக்குக் கொடுத்தாலும்.

செத்த நண்டுக்குள் என்ன நடக்கிறது

நண்டின் ஓட்டைப் பிரித்தால் உள்ளே பழுப்பு மஞ்சளாகக் கூழ் போல ஒன்று இருக்கும். அது அதன் செரிமானச் சுரப்பி. உயிரோடு இருக்கும் வரை தின்ற இரையைக் கரைக்கிற நொதிகள் அதற்குள் அடங்கி இருக்கும். நண்டு செத்ததும் அந்தச் சுரப்பி உடைந்து, நொதிகள் கசிந்து, நண்டின் சதையையே கரைக்க ஆரம்பிக்கும். மீனையும் கோழியையும் விட நண்டு இவ்வளவு சீக்கிரம் குழைந்துபோவதற்குக் காரணம் இதுதான். கூடவே கடல் நண்டின் உடம்பில் விப்ரியோ என்கிற பாக்டீரியா இயல்பாகவே இருக்கும். செத்த உடம்பும் கோடை வெப்பமும் சேர்ந்தால் அது வேகமாகப் பெருகும். அதில் ஒரு வகை வயிற்றுப்போக்கு, வாந்தி, வயிற்றுப் பிடிப்பைக் கொண்டு வருவது, சாப்பிட்ட ஒரு நாளுக்குள் காட்டிவிடும்.

நன்றாக வேகவைத்தால் விப்ரியோ செத்துவிடும், அது உண்மை. ஆனால் கெட்டுப்போன சதையில் வேறு சில பாக்டீரியாக்கள் விட்டுவைக்கிற நச்சுகள் கொதித்தாலும் போகாது. அது போக, சமைப்பதற்கு முன்னால் அந்த நண்டை வெட்டிய அரிவாள்மனை, பலகை, கை, இவற்றில் இருந்து வெங்காயத்துக்கும் கொத்தமல்லிக்கும் பரவுவதைக் கொதிக்கிற குழம்பு தடுக்காது.

ஐஸ் செய்கிற வேலை சதை கரைவதையும் பாக்டீரியா பெருகுவதையும் மெதுவாக்குவது. நிறுத்துவது இல்லை. அதனால்தான் ஐஸ் நண்டைக்கூட வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும் என்கிறேன்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

சேற்று நண்டு என்றால், கட்டு அவிழ்க்காமலே பார்க்கலாம். கண் பக்கத்தில் ஒரு குச்சியைக் கொண்டுபோங்கள், உயிர் இருந்தால் கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாய்ப் பக்கம் சின்னச் சின்ன உறுப்புகள் அசையும், சில சமயம் நுரை வரும். தூக்கினால் கால்கள் விறைப்பாக, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். துணி மாதிரி தொங்கினால் போய்விட்டது என்று அர்த்தம், இல்லையென்றால் போகப் போகிறது. குளிரில் இருந்து எடுத்த நண்டு மட்டும் கொஞ்சம் ஏமாற்றும், மயங்கிக் கிடக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் சாதாரண வெப்பத்தில் வைத்துப் பார்த்தால் அசைந்துவிடும். அதற்குள் அசையாவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

நீலக்கால் நண்டு என்றால் உயிரைப் பார்க்க வேண்டியது இல்லை, மூக்கையும் கையையும் நம்புங்கள். புரட்டிப் போட்டு வயிற்று மடிப்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். கடல் வாசனை வந்தால் சரி. கழிவறை சுத்தம் செய்கிற அமோனியா நெடி லேசாக வந்தாலும் வேண்டாம், அது சமைக்கும்போது குறையாது, ஆவியில் கூடும். ஒரு காலைப் பிடித்து மெல்ல இழுங்கள், கையோடு கழன்று வந்தால் மூட்டு வரைக்கும் கரைந்திருக்கிறது. கையில் எடுத்தால் அளவுக்கேற்ற கனம் தெரிய வேண்டும். லேசாக இருந்தால் தோலுரித்துப் புது ஓடு கட்டிய நண்டாக இருக்கலாம், அது கெட்டது இல்லை, உள்ளே சதை குறைவு, தண்ணீர் அதிகம், அவ்வளவுதான். ஐஸ் உருகின தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கிற நண்டை விட, ஐஸுக்கு மேலே அடுக்கி வைத்து, கீழே தண்ணீர் வடிகிற பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். "அண்ணா, அடியில இருந்து வேண்டாம், மேல இருக்கறத எடுங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு விஷயம் பலரும் தப்பாக எடுத்துக்கொள்வது: வெந்ததும் நண்டு சிவப்பாகிவிட்டதே, அப்போது நல்ல நண்டுதானே என்பார்கள். ஓட்டுக்குள் இருக்கிற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு ஒட்டி மறைந்திருக்கும். சூடு பட்டதும் புரதம் விட்டுவிடும், சிவப்பு தெரியும். அழுகின நண்டும் அதே போலச் சிவக்கும். நிறம் சூடு பட்டதைச் சொல்லும், நண்டின் தரத்தைச் சொல்லாது.

வீடு வரைக்கும் எப்படிக் கொண்டு போவது

நான் சறுக்கியது இங்கேதான். காலை ஏழு மணிக்கு மூன்று சேற்று நண்டு வாங்கினேன், மூன்றும் துடிப்பாக இருந்தன. கல்லுமக்காய் ஒரு கிலோ, எண்ணியதில் முப்பத்தெட்டு. நண்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கார் டிக்கியில் வைத்தேன். வேறு வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பும்போது பத்து மணி, ஏற்காடு போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. பையை அவிழ்த்தால் ஒரு நண்டு கால்களைத் தொங்கவிட்டிருந்தது. கண்ணைத் தொட்டாலும் அசையவில்லை. கட்டிய பைக்குள் காற்று இல்லை, டிக்கிக்குள் வெப்பம், நாலரை மணி நேரம்.

அக்கா கேட்டாள்: "வாங்கும்போது உயிரோடதானேடா இருந்துச்சு, இப்பவே சமைச்சா என்ன?" நியாயமான கேள்விதான். என் கண்ணெதிரில் செத்திருந்தால் நானும் சமைத்திருப்பேன். கண்ணெதிரில் செத்தால் உடனே ஓட்டைப் பிரித்து, செவுளையும் பழுப்புக் கூழையும் வழித்து எடுத்துவிட்டு, கழுவி ஐஸில் வைக்க வேண்டும், இல்லையென்றால் நேராக அடுப்பில் ஏற்ற வேண்டும். இதற்கு நான் வைத்திருக்கிற கெடு ஒரு மணி நேரம். இந்த நண்டோ பத்து மணிக்குச் செத்ததா எட்டு மணிக்கே செத்ததா என்று சொல்ல ஆள் இல்லை, அதுவும் சூட்டில். நானூறு கிராம் நண்டு, மனசு வலித்தது. குழி தோண்டிப் புதைத்தோம்.

சரியான முறை இதுதான். மூங்கில் கூடையோ ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோ போதும். அதில் ஈரமான கோணிச்சாக்கை விரித்து, நண்டை வயிறு கீழே இருக்கும்படி வைத்து, மேலேயும் ஈரச்சாக்கு மூட வேண்டும். காருக்குள் ஆட்கள் உட்காரும் பக்கமே வையுங்கள். சேற்று நண்டை உயிரோடு ஐஸில் புதைக்க வேண்டாம், அது வெப்ப நாட்டு உயிர், அந்தக் குளிரை அதிக நேரம் தாங்காது. இதை விட முக்கியம், வாளியில் தண்ணீர் பிடித்து நண்டை விடாதீர்கள். "தண்ணியில வாழ்றதுதானே" என்று நல்ல மனசோடு இதைச் செய்கிற வீடுகள் நிறைய. அசையாத தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை அது சீக்கிரம் தீர்த்துவிடும், அப்புறம் மூச்சுமுட்டிச் சாகும். வெளியே ஈரச்சாக்கில் இருந்தால் இரண்டு நாள் இருக்கிற நண்டு, வாளியில் ராத்திரி தாண்டாது.

கல்லுமக்காய்க்கும் மட்டிக்கும் இதே தத்துவம், கொஞ்சம் குளிர் கூடுதலாக. வாய் கட்டாத பாத்திரத்தில் போட்டு, மேலே ஈரத்துணி, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு. குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தால் கடல் உயிரான அதற்கு உப்பில்லாத தண்ணீரே விஷம். வழியில் ஐஸ் வைத்தாலும், ஐஸ் உருகின தண்ணீர் அதன் மேல் தேங்காமல் வடிய வேண்டும்.

சிப்பி திறப்பதும் மூடுவதும் எப்படி

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். சிப்பியின் இரண்டு ஓடுகளும் சேருகிற கீலில் ரப்பர் மாதிரி ஒரு பட்டை உண்டு. அது எப்போதும் ஓட்டைத் திறக்கப் பார்க்கும். அதை எதிர்த்து மூடிப் பிடிப்பது உள்ளே இருக்கிற தசை. ஆகவே மூடியிருக்க உயிர் வேண்டும், திறந்திருக்க ஒன்றும் வேண்டாம். செத்தால் தசை தளரும், ஓடு தானாகவே பிளக்கும்.

அடுப்பில் நடப்பது வேறு. வெந்த தசை ஓட்டில் இருந்து கழன்றுகொள்ளும், கீல் ஓட்டைத் திறந்துவிடும். சில சிப்பிகளில் தசை அழுத்தமாக ஒட்டியிருக்கும், அல்லது கீல் பலவீனமாக இருக்கும், வெந்த பிறகும் மூடியே இருக்கும். உயிரோடு பானைக்குள் போன சிப்பியும் இப்படி இருக்கலாம். மறுபக்கம், சமைப்பதற்கு முன்பே செத்த சிப்பி அடுப்பில் அழகாகத் திறந்துகொள்ளும், தடுக்க அங்கே தசையே இல்லையே! அப்படியென்றால் "திறந்தது நல்லது, திறக்காதது கெட்டது" என்ற கணக்கு இரண்டு பக்கமும் தப்புகிறது.

ஆஸ்திரேலியாவில் நிக் ருவெல்லோ என்கிற மீன்வள ஆராய்ச்சியாளர் கல்லுமக்காய் வகைச் சிப்பிகளைத் தொகுதி தொகுதியாக வேகவைத்து எண்ணிப் பார்த்தார். வழக்கமான நேரம் வெந்தும் சுமார் 11.5 சதவீதம் மூடியே இருந்தன, அவற்றைப் பிளந்து பார்த்தால் உள்ளே நன்றாக வெந்த, சாப்பிடக்கூடிய சதைதான் இருந்தது. ஆனாலும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் போன்ற இடங்கள் இன்றும் திறக்காததை எறியுங்கள் என்றுதான் சொல்கின்றன. அது பொதுமக்களுக்கான எளிய விதி. முன்கூட்டியே சோதிக்காமல் சமைக்கிறவருக்கு அந்த விதியே நல்லது. சோதித்துவிட்டுச் சமைக்கிறவருக்கு வேறு வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

சமைப்பதற்கு முன்: ஒவ்வொன்றாக

கல்லுமக்காயைத் தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். ஏற்காடு வீட்டில் அன்று முப்பத்தெட்டில் நான்கு லேசாகத் திறந்திருந்தன. திறந்திருந்தாலே செத்தது என்று நினைக்க வேண்டாம், உயிருள்ளதும் அயர்ந்து வாய் திறந்திருக்கும். அதை இன்னொரு சிப்பியால் தட்டி, அல்லது இரண்டு விரலால் மெல்ல அழுத்திவிட்டு விட வேண்டும். உயிர் இருந்தால் மூடும், அவசரமாக மூடாது, ஒரு நிமிடம் கூட எடுத்துக்கொள்ளும். மூன்று மூடிக்கொண்டன. ஒன்று அழுத்தினால் மூடி, விட்டால் திறந்தது. அது போனது. இன்னொன்றின் ஓடு உடைந்து உள்ளே சதை தெரிந்தது, அதையும் எறிந்தோம். மீதி முப்பத்தாறு.

அடுத்த சோதனையைத்தான் பலர் செய்வதில்லை. மூடியிருக்கிற ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, ஓடுகளைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், உள்ளங்கையில் சோழியை உருட்டுவது போல. உயிருள்ளது கல் போல நிற்கும். ஓடுகள் வழுக்கினால் உள்ளே ஆள் இல்லை, சேறு நிறைந்திருக்கலாம். மற்றவற்றை விடக் கனமாக இருப்பதும் சேறுதான். மட்டியில் இது இன்னும் அதிகம் வரும். சேறு நிறைந்த ஒரு மட்டி பானைக்குள் திறந்தால் மொத்தக் குழம்பும் மணல், இதற்கு மேல் என்ன செய்தாலும் பல்லில் நறநறக்கும்.

மட்டிக்கு மணல் கக்க வைக்க, லிட்டருக்கு முப்பது கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீரில், இருட்டில், இரண்டு மணி நேரம் போட்டு வையுங்கள். உயிருள்ளவை குழல் நீட்டித் தண்ணீர் பீச்சும், அதுவே ஒரு சோதனை. பாக்கெட்டில் ஓடு நீக்கிய மட்டிச் சதையாக வாங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. அங்கே பாக்கெட் ஜில்லென்று இருக்கிறதா, உள்ளே உள்ள நீர் கலங்கி வழவழப்பாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க முடியும்.

கல்லுமக்காயில் நார் போல ஒட்டிக்கொண்டிருக்கும் தாடியைச் சமைப்பதற்குச் சற்று முன்னால்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் அது காயம்பட்டுச் சீக்கிரம் சாகும்.

அடுப்பில்

அகலமான பானையில் ஒரு விரல் அளவு தண்ணீர், நாலு பூண்டு, மிளகு, கொதி வந்த பிறகு சிப்பி, மூடி. ஒரே அடுக்காகப் பரப்ப இடம் இருந்தால் நல்லது, குவிந்து கிடந்தால் அடியில் உள்ளது ரப்பராகும், மேலே உள்ளது வேகாது. ஓடுகள் திறந்த பிறகும் உடனே இறக்கக் கூடாது. தண்ணீரில் கொதிக்க வைத்தால், திறந்த பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்க வேண்டும். ஆவியில் என்றால், ஆவி வரும் பாத்திரத்தில் போட்டதில் இருந்து நான்கு முதல் ஒன்பது நிமிடம். விப்ரியோவுக்கு இது போதும். ஓடு திறப்பது வேகலின் தொடக்கம்தான், முடிவு இல்லை.

ஏற்காட்டில் ஒரு சின்னக் கணக்கு சேர்ந்துகொள்ளும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், சேலத்தில் அது கிட்டத்தட்ட 99. அதனால் மலைமேல் இரண்டு மூன்று நிமிடம் கூட்டி வேகவிடுகிறேன். குக்கர் இந்தக் குறையைச் சரிசெய்யும், ஆனால் சிப்பியைக் குக்கரில் போட்டால் எது திறந்தது என்று பார்க்க வழியில்லை, குழைந்தும் போகும். நண்டுக்கும் அதே. துண்டு போட்ட நண்டு குழம்பில் கொதிக்க ஆரம்பித்து பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், மலையில் கொஞ்சம் கூட. சதை கண்ணாடி போல இல்லாமல் வெள்ளையாகி, ஓட்டில் இருந்து பிரிந்து வர வேண்டும். வெந்த பிறகும் சதை கூழாக, ஓட்டோடு ஒட்டிக்கொண்டு, பிசுபிசுவென்று இருந்தால் அது வேகாதது இல்லை, சமைப்பதற்கு முன்பே கரைந்தது. ஆவியில் அமோனியா நெடி வந்தாலும் அப்படித்தான். மசாலா போட்டு மறைக்கப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

திறக்காதவற்றை என்ன செய்வது

முப்பத்தாறில் ஐந்து திறக்கவில்லை. திறந்த முப்பத்தொன்றை வேக வேண்டிய நேரம் வேகவிட்டு எடுத்துவிட்டு, இந்த ஐந்தையும் அதே தண்ணீரில் மூன்று நிமிடம் கொதிக்க வைத்தோம். மூன்று திறந்தன. மீதி இரண்டைப் பானைக்கு வெளியே, தனித் தட்டில் வைத்து, மொக்கைக் கத்தியால் நெம்பினேன். தனித் தட்டு அவசியம், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாதே.

ஒன்றில் ஆரஞ்சு நிறத்தில் நிறைவான சதை, மற்றவற்றைப் போலவே வாசனை, ஒரு பக்கத் தசை மட்டும் ஓட்டோடு இறுகப் பிடித்திருந்தது. அதைச் சாப்பிட்டோம். இன்னொன்று கருஞ்சேறு. நகர்த்திப் பார்க்கும் சோதனையில் அதை நான் சரியாகப் பிடிக்காமல் விட்டிருக்கிறேன். அதைக் குழம்போடு சேர்த்து நெம்பியிருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

நெம்பிப் பார்க்கும்போது சதை சுருங்கி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, மற்றதை விட நிறம் மங்கி வழுவழுப்பாக இருந்தாலோ, நாற்றம் வந்தாலோ வேண்டாம். பாதிச் சந்தேகம் இருந்தாலும் வேண்டாம், ஒரு சிப்பிச் சதை பத்து கிராம்கூடத் தேறாது. வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, ஈரல் நோய் இருப்பவர், சர்க்கரை கட்டுப்படாதவர், கீமோ எடுப்பவர் இருந்தால் நெம்பிப் பார்ப்பதையே விட்டுவிடுங்கள், திறக்காதது எல்லாம் குப்பைக்கு. ஈரல் நோயாளிக்கு விப்ரியோ வகைகளில் ஒன்று ரத்தத்தில் கலந்து உயிரையே எடுத்துவிடும், அவர்களுக்குச் சிப்பியை அரைவேக்காட்டில் காட்டவே கூடாது.

எந்தச் சோதனையும் பிடிக்காத ஒன்று

உயிரோடு இருந்தது, தட்டினால் மூடியது, நன்றாகத் திறந்தது, நல்ல வாசனை. இவை எல்லாம் இருந்தும் சிப்பி விஷமாக இருக்கலாம். கடலில் சில நுண்பாசிகள் பெருகும்போது சிப்பி அவற்றை வடிகட்டித் தின்று நஞ்சைச் சேர்த்துக்கொள்ளும், அதற்கு ஒன்றும் ஆகாது. அந்த நஞ்சு கொதித்தாலும் வறுத்தாலும் போகாது. 1981ல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்டு 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், மூன்று பேர் இறந்தார்கள். 1997ல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் கல்லுமக்காய் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். சாப்பிட்ட அரை மணியில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மதமதப்பாகி, விரல் நுனி கூச்செறிந்து, பேச்சு குழறினால், வாந்தி வருமா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்லுங்கள். இந்த நஞ்சு மூச்சுத் தசையைச் செயலிழக்க வைக்கும், மூச்சுக்குத் துணை கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் இருந்து என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், காலம் கடத்த வேண்டாம். கடல் நிறம் மாறியதாக, மீன் செத்து ஒதுங்கியதாகச் செய்தி வந்தால் அந்தக் கரையில் இருந்து வரும் சிப்பியை அந்த மாதம் விட்டுவிடுவதுதான் நம் கையில் இருக்கிற ஒரே பாதுகாப்பு.

நம் பக்கம் வயல் நண்டும் உண்டே என்று கேட்பீர்கள். சளிக்கு இடித்துச் சாறு வைக்கிற நண்டு அது. அதையும் உயிரோடு இருப்பதாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், செத்தது வேண்டாம். நன்னீர் நண்டின் சதையில் நுரையீரல் புழுவின் குஞ்சுகள் இருக்கலாம், வடகிழக்கு மாநிலங்களில் அரைவேக்காட்டு நண்டு தின்று அந்த நோய் வருகிறது. இடித்த சாற்றைக் கொதி வந்ததும் இறக்காமல் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடுங்கள், இடித்த உரலையும் உலக்கையையும் கொதிநீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் இஞ்சி பூண்டு இடிக்க எடுங்கள்.

அன்று அக்கா வீட்டில் இரண்டு நண்டு, முப்பத்தைந்து கல்லுமக்காய், ஐந்து பேர் சாப்பிட்டோம். மிச்சக் குழம்பை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் இட்லிக்குத் தளதளவென்று கொதிக்க வைத்துத் தீர்த்துவிட்டோம். திரும்பி வரும்போது அக்கா கார் டிக்கியில் ஒரு பழைய கோணிச்சாக்கை மடித்துப் போட்டாள், அடுத்த முறைக்கு.